"இடத்திற்கு வந்துவிடவும்" – எந்த இடத்திற்கு?

கேள்வி: ரியல் எஸ்டேட் முகவர் ஒருவரின் அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். வாடிக்கையாளர் இடம் பார்க்க வரவேண்டிய நேரத்தை உறுதி செய்தும், கொண்டுவர வேண்டிய ஆவணங்களைச் சொல்லியும் முதலாளி மின்னஞ்சல் எழுதுவார். அனுப்பும் முன் பிழை பார்ப்பது என் வேலை. போன மாதம் ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லாமல் திருத்தி அனுப்பினேன். அதைப் படித்த வாடிக்கையாளர் நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். முதலாளியும் உரிமையாளரும் மனையில் காத்திருந்தார்கள். "என்னம்மா பிழை பார்த்தே?" என்று எனக்குத்தான் திட்டு. அடுத்த மின்னஞ்சல் தயாராக இருக்கிறது. இதில் நான் எதைப் பார்க்க வேண்டும்? எதுவரை கை வைக்கலாம்?

> பொருள்: விவரம்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> நேற்று தொலைபேசியில் பேசியபடி தாங்கள் பார்க்க விரும்பிய மனையை வரும் வியாழக்கிழமை 6/3/2026 அன்று பார்வையிட ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. காலை 10 மணிக்குள் இடத்திற்கு வந்துவிடவும். உரிமையாளர் 10-11 மணி இருப்பார். வரும்போது அடையாள அட்டை மற்றும் முகவரி சான்று நகல், வங்கி கடன் ஒப்புதல் கடிதம், பத்திர நகல் ஆகியவை கொண்டு வரவும். அசல் கொண்டு வர வேண்டும். நேரத்தில் மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்.
>
> நன்றி.

பதில்: "முகவரி சான்று" என்பதில் ஒரு "ச்" போடவேண்டும், "வங்கி கடன்" என்பதில் ஒரு "க்" போடவேண்டும். எழுத்துப் பிழை என்று பார்த்தால் அவ்வளவுதான். அந்த இரண்டையும் விட்டுவிட்டு அனுப்பினாலும் யாரும் வழி தவறிப் போகப்போவதில்லை. ஆனால் இதே மின்னஞ்சலில் ஆளை அலையவிடக்கூடிய பிழைகள் ஆறேழு இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கீழும் சிவப்புக் கோடு விழாது, ஏனென்றால் சொல் எல்லாம் சரியான சொல்தான்.

நான் இப்படிப்பட்ட கடிதங்களுக்கு மெய்ப்பு பார்க்கும்போது முதல் வாசிப்பில் எழுத்தைப் பார்ப்பதே இல்லை. ஒரு துண்டுக் காகிதம் எடுத்துக்கொள்வேன். நான்தான் அந்த வாடிக்கையாளர், இந்த மின்னஞ்சலைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டு, என்றைக்குக் கிளம்புவேன், எத்தனை மணிக்கு எங்கே போய் நிற்பேன், பையில் என்ன இருக்கும் என்று எழுதிப் பார்ப்பேன். பேனா எங்கே தயங்குகிறதோ அங்கே பிழை. உங்கள் மின்னஞ்சலில் முதல் வரியிலேயே என் பேனா நின்றுவிட்டது.

2026-இல் மார்ச் 6 வெள்ளிக்கிழமை. வியாழன் என்றால் தேதி 5. இந்தப் பிழை எப்படி வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 2025-இல் மார்ச் 6 வியாழன்தான். சாதாரண ஆண்டில் 365 நாள். 52 வாரம் போக ஒரு நாள் மிஞ்சும், அதனால் அதே தேதி மறு ஆண்டு ஒரு கிழமை தள்ளி வரும். போன ஆண்டு மின்னஞ்சல் எதையாவது எடுத்து, ஆண்டை மட்டும் மாற்றியிருந்தால் இப்படித்தான் வரும். பழைய கடிதத்தின் மேல் புதுக் கடிதம் எழுதுகிற அலுவலகங்களில் இது அடிக்கடி நடக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் பெயர், மனை எண், நேரம் எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பாருங்கள். பழையதில் ஒன்று தங்கியிருந்தால் இன்னொன்றும் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, வியாழனை வெள்ளி என்று மாற்றிவிடலாமா? கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அழைப்புக் கடிதத்தில் இதேபோல் கிழமையும் தேதியும் முட்டிக்கொண்டு நின்றன. நாள்காட்டியைப் பார்த்து, கிழமையைத் தேதிக்கு ஏற்ப மாற்றிவிட்டேன். ரொம்பப் பெருமையாகவும் இருந்தது. உண்மையில் கிழமைதான் சரி, தேதிதான் தவறு. அதுவரை முரண்பாடு இருந்ததால் படிப்பவர் யாராவது ஒருவர் போன் போட்டுக் கேட்டிருப்பார். நான் கை வைத்தபின் கடிதம் பார்க்க ஒழுங்காக இருந்தது, அதனால் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் தவறான நாளில் வந்தார்கள். இரண்டு தகவல் மோதும்போது இரண்டில் ஒன்று பொய் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும். எது பொய் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும்.

அந்த 6/3 என்ற எழுத்துமுறையும் தொல்லைதான். நாளை முதலில் எழுதுகிறவருக்கு அது மார்ச் 6, மாதத்தை முதலில் எழுதிப் பழகியவருக்கு அது ஜூன் 3. மாதத்தை எழுத்தால் எழுதிவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது. "வரும் வியாழக்கிழமை" என்பதில் "வரும்" வேண்டாம். புதன்கிழமை ராத்திரி ஒருவர் அதைப் படித்தால் நாளைக்கா, அடுத்த வாரமா என்று குழம்புவார். "நேற்று பேசியபடி" என்பதும் அப்படித்தான். முதலாளி சாயங்காலம் எழுதி, நீங்கள் மறுநாள் காலையில் அனுப்பினால் நேற்று முந்தாநாள் ஆகிவிடும். நேற்று, நாளை, வரும், அடுத்த ஆகிய நான்கு சொல்லும் எழுதிய நாளோடு ஒட்டிக்கொண்டிருப்பவை. கடிதம் நகர்ந்தால் அவை பொய்யாகிவிடும்.

அடுத்தது நேரம். தமிழில் ஓரிரு எழுத்திலேயே நேரம் மாறிவிடும். "10 மணிக்கு" என்றால் 10. "10 மணிக்குள்" என்றால் 10-க்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும். ஒன்பதே காலுக்கு வந்து வெயிலில் நிற்பவரைக் குறை சொல்ல முடியாது. "10 மணிக்கு மேல்" என்றால் பத்தே முக்காலுக்கு வந்தாலும் சரியாக வந்ததாகவே அர்த்தம். "10 மணி அளவில்" என்றால் அவரவர் மனசாட்சி. முதலாளி "10 மணிக்குள்" என்று எழுதியது அவசரத்தைக் காட்டத்தான் என்று தோன்றுகிறது. ஆனால் அடுத்த வரியில் உரிமையாளர் "10-11 மணி இருப்பார்" என்று வருகிறது. அவர் 10-லிருந்து 11 வரை அங்கேயே இருப்பாரா, அல்லது 10-க்கும் 11-க்கும் நடுவில் எப்போதோ வருவாரா? முதலாவது என்றால் வாடிக்கையாளருக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. இரண்டாவது என்றால் அவர் காத்திருக்கத் தயாராக வரவேண்டும். ஒரு சின்னக் கோடு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. எண்களுக்கு நடுவில் கோடு வந்தாலே "முதல்", "வரை" போட்டு வாசித்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

போன மாத விபத்துக்குக் காரணம் "இடத்திற்கு" என்ற சொல்லாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டத் தயார். உங்கள் தொழிலில் "இடம்" என்றால் மனை. "இடம் பார்க்கப் போறோம்", "இடம் முடிஞ்சிருச்சு" என்று நாள் முழுக்கச் சொல்கிறீர்கள். வெளியாளுக்கு இடம் என்றால் "நம்ம இடம்", அதாவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அலுவலகமும் இடம்தான். தொழிலில் புழங்கிப் புழங்கி உள்ளே இருப்பவர்களுக்கு ஒரே பொருளாகிவிட்ட சொல் இது. முதலாளி கண்ணுக்கு இதில் இரட்டைப் பொருளே தெரியாது, சில நாளில் உங்களுக்கும் தெரியாமல் போகும். இப்படிப்பட்ட சொற்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். "இடம்", "பார்ட்டி", "பேப்பர்" மூன்றில் ஆரம்பிக்கலாம். அப்புறம், மனை என்று சொன்னால் மட்டும் போதாது. மனையில் எங்கே என்று ஒரு அடையாளம் வேண்டும், வரைபட இணைப்பு இருந்தால் இன்னும் நல்லது. அந்த இணைப்பை நீங்களே ஒருமுறை தொட்டுத் திறந்து, அது இந்த மனைக்குத்தான் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய மின்னஞ்சலின் மேல் எழுதும் பழக்கத்தில் இணைப்பும் பழையதாகவே தங்கிவிடும்.

ஆவணப் பட்டியலுக்கு வருவோம். என் துண்டுக் காகிதத்தில் அதிகம் அடித்து எழுதியது இங்கேதான்.

"அடையாள அட்டை மற்றும் முகவரி சான்று நகல்." இதில் நகல் என்ற சொல் எதுவரை எட்டுகிறது? முகவரிச் சான்றோடு நின்றுவிடுகிறது என்றால் அடையாள அட்டையை அசலாகக் கொண்டுவர வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து என்றால் இரண்டும் நகல். எழுதியவர் மனதில் ஒன்றுதான் இருந்திருக்கும், எழுத்தில் இரண்டுக்கும் வழி இருக்கிறது. "மற்றும்" வந்து, அதற்குப் பின்னால் ஒரு பொதுச்சொல் வந்தால் இந்தக் குழப்பம் வரும். உம்மை போட்டு வாசித்தால் தானாகப் பிரிந்துவிடும்: "அடையாள அட்டையும், முகவரிச் சான்றின் நகலும்" என்றால் ஒரு பொருள், "அடையாள அட்டையின் நகலும், முகவரிச் சான்றின் நகலும்" என்றால் இன்னொரு பொருள்.

அதைத் தாண்டி வந்தால் "அசல் கொண்டு வர வேண்டும்" என்று தனியாக ஒரு வாக்கியம் நிற்கிறது. இதைத்தான் நான் மூன்று முறை படித்தேன். நகல் கேட்டுவிட்டு, உடனே அசலும் கேட்பது சரிபார்ப்பதற்காக இருக்கலாம். நகலோடு அசலை ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்தான். அல்லது "வேண்டாம்" என்று எழுத வந்து "வேண்டும்" என்று விழுந்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், போனில் தட்டும்போது பரிந்துரையாக வருவதில் "வேண்டும்" முன்னால் நின்றால் விரல் அதன்மேல் பட்டுவிடும். இரண்டும் அகராதிச் சொல், இரண்டும் இலக்கணப்படி சரி. அதனால்தான் பட்டியல் உள்ள கடிதங்களில் எங்கெல்லாம் வேண்டும், வேண்டாம், தேவை, தேவையில்லை வருகிறதோ அங்கெல்லாம் விரலை வைத்து நிறுத்திவிட்டு மேலே போவேன். (ஒரு நண்பர் "பாத்திர நகல்" என்று அனுப்பி நாலு நாள் கேலிக்கு ஆளானார். அதுகூடப் பரவாயில்லை, படித்தவர் சிரித்துவிட்டு பத்திரம் என்று புரிந்துகொண்டார். "வேண்டும்" தவறாக இருந்தால் சிரிக்கவே வாய்ப்பில்லை.)

எதன் அசல் என்பதும் இல்லை. எல்லாவற்றின் அசலுமா, அடையாள அட்டையின் அசல் மட்டுமா? மனை பார்க்கப் போகிறவர் முக்கியமான காகிதங்களை எல்லாம் அசலாகப் பையில் போட்டுக்கொண்டு வெளியில் சுற்றுவது அவருக்கு நல்லதல்ல. தொலைந்தால் மறுபடி வாங்க நாளாகும். அசல் வேண்டுமென்றால் எதன் அசல், காட்டுவதற்கா அல்லது கொடுத்துவிட்டுப் போவதற்கா என்பதையும் எழுதுவது நியாயம். "காட்டினால் போதும்" என்ற இரண்டு சொல் படிப்பவரின் பாதிப் பயத்தைப் போக்கிவிடும்.

கடைசியாகப் பத்திர நகல். வாங்க வருகிறவரிடம் அந்த மனையின் பத்திரம் எப்படி இருக்கும்? அது உரிமையாளரிடம் இருப்பது, அதன் நகலைக் காட்ட வேண்டியது உங்கள் தரப்பு. "நாங்கள் கொண்டுவருவோம்" என்ற பட்டியலில் இருக்கவேண்டியது "நீங்கள் கொண்டுவாருங்கள்" பட்டியலுக்குள் புகுந்துவிட்டது என்று நினைக்கிறேன். அவர் தன்னுடைய பழைய வீட்டை விற்றுவிட்டு இதை வாங்குகிறார், அந்தப் பத்திரத்தைக் கேட்கிறார்கள் என்றும் இருக்கலாம், அதுவும் நடக்கக்கூடியதுதான். பட்டியலில் ஒவ்வொரு பொருளையும் "இது இப்போது யார் கையில் இருக்கிறது?" என்று கேட்டுப் பார்த்தால் இந்த மாதிரி பிழை உடனே தட்டுப்படும். கூடவே, "ஐயா" என்று ஒருவருக்குத்தான் எழுதுகிறார். இரண்டு பேர் பெயரில் வாங்குவதாக இருந்தால் இரண்டு பேர் ஆவணமும் தேவைப்படுமா என்று கேட்டுவைக்கலாம்.

"நேரத்தில் மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்" என்பதில் எந்த எண்ணுக்கு, எப்போதுக்குள் என்று இல்லை. தாங்கள் என்று ஆரம்பித்து "வந்துவிடவும்" என்று முடிவது கொஞ்சம் அதட்டலாகக் கேட்கிறது. "வாருங்கள்" போதும், மரியாதையும் குறையாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, எதுவரை கை வைக்கலாம் என்பது. ஒற்று, எழுத்து, வாக்கியத்தைப் பிரிப்பது, பட்டியலை வரி வரியாக்குவது, பொருள் வரியை எழுதுவது எல்லாம் உங்கள் கையில். நாள், நேரம், இடம், ஆவணம் நான்கும் முதலாளியின் கையில். அவற்றில் சந்தேகம் வந்தால் திருத்தக் கூடாது, கேட்கவேண்டும். கேட்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. "சார், தேதி சரியா பாருங்க" என்று கேட்டால் அவர் கண்ணை ஓட்டிவிட்டு "சரிதான்மா" என்பார். தான் எழுதியதைத் தானே படிக்கிறவர் கண்ணுக்கு, மனதில் இருப்பதுதான் தெரியும். அதனால் கேள்வியில் இரண்டு வழியையும் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வையுங்கள்: "மார்ச் 5 வியாழன், 6 வெள்ளி. எந்த நாள்?" "சந்திப்பது அலுவலகத்திலா, மனையிலா?" "உரிமையாளர் 10 முதல் 11 வரை இருப்பாரா, இடையில் வருவாரா?" "அசல் வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் எதன் அசல்?" "பத்திர நகல் நாம் கொண்டுபோவதா, அவர் கொண்டுவருவதா?" ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில். இரண்டு நிமிஷ வேலை. பதில்களை அந்த வரைவின் மேலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை "என்னம்மா பிழை பார்த்தே?" என்று கேட்டால் எடுத்துக் காட்ட உதவும்.

வியாழன்தான், மனையில்தான், உரிமையாளர் 11 வரை இருப்பார், அடையாள அட்டை மட்டும் அசலாகக் காட்டவேண்டும், பத்திர நகல் நம்முடையது என்று அவர் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நான் இப்படி அனுப்புவேன்:

> பொருள்: மனை பார்வை – வியாழன், மார்ச் 5, காலை 10 மணி
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> தொலைபேசியில் பேசியபடி, மனையைப் பார்க்க 2026 மார்ச் 5, வியாழக்கிழமை, காலை 10 மணிக்கு வாருங்கள். நாம் சந்திப்பது மனைப்பிரிவின் முன்வாசலில், அலுவலகத்துக்கு வரவேண்டியதில்லை. வழிக்கான வரைபட இணைப்பு கீழே உள்ளது. உரிமையாளர் 10 மணி முதல் 11 மணி வரை மனையில் இருப்பார்.
>
> நீங்கள் கொண்டுவர வேண்டியவை:
> அடையாள அட்டை – அசல் (காட்டினால் போதும்), நகல் ஒன்று
> முகவரிச் சான்று – நகல் ஒன்று
> வங்கிக் கடன் ஒப்புதல் கடிதம் – நகல் ஒன்று
>
> மனையின் பத்திர நகலை நாங்கள் கொண்டுவருகிறோம்.
>
> அன்று வர இயலாவிட்டால் புதன்கிழமை மாலை 5 மணிக்குள் கீழுள்ள எண்ணில் சொல்லுங்கள்.
>
> நன்றி.

"புதன்கிழமை மாலை 5 மணிக்குள்" என்பதில் "க்குள்" வருவதைக் கவனித்தீர்களா? இங்கே அது சரியான சொல், ஏனென்றால் அதற்கு முன்னால் எப்போது சொன்னாலும் நமக்கு நல்லதுதான். முன்வாசல், புதன் மாலை, "10 மணிக்குள்" என்பதை "10 மணிக்கு" ஆக்கியது, எதற்கு எத்தனை நகல் என்பது எல்லாம் நானாகப் போட்டவை. உங்கள் முதலாளியிடம் கேட்காமல் அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பொருள் வரியில் நாளையும் நேரத்தையும் போட்டதற்குக் காரணம், வியாழக்கிழமை காலை அவர் வழியில் நின்றுகொண்டு போனில் தேடப்போவது அதைத்தான். "விவரம்" என்ற பொருள் வரியை அப்போது கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பொருள் வரியில் தேதி போட்டால் அதே தகவல் இரண்டு இடத்தில் இருக்கும். நாள் மாறினால் இரண்டு இடத்திலும் மாற்றவேண்டும். ஒன்றை மாற்றி ஒன்றை விடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற பிழை. அனுப்பும் பொத்தானுக்கு முன்னால் கடைசியாக இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தொலைபேசி எண்ணை, திரையில் இருப்பதைப் பார்த்துத் தட்டி ஒருமுறை அழைத்துப் பாருங்கள். உங்கள் அலுவலகப் போன் அடித்தால் எண் சரி.

எழுத்துப் பிழையை எப்போது பார்ப்பது என்றால், இதெல்லாம் முடிந்தபின். முன்னாலேயே பார்த்தால், நீங்கள் ஒற்றுப் போட்டு அழகாக்கிய வாக்கியத்தையே அப்புறம் வெட்டவேண்டி வரும்.